தண்ணீர் லாரிக்காக நான் ஒட்டிய இரண்டு நோட்டீஸ்கள்

2019 கோடையில் எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர் லாரி வாங்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. மடிப்பாக்கம் பக்கம், நான்கு மாடி, 24 வீடுகள். அப்போது நான் அசோசியேஷன் பொருளாளர். செயலாளர் மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போயிருந்தார். தலைவருக்கு உடம்பு சரியில்லை. அதுவரை நான் பார்த்ததெல்லாம் மாதாமாதம் மெயின்டனன்ஸ் வசூல், லிஃப்ட் பில், வாட்ச்மேன் சம்பளம், அவ்வளவுதான். முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் வறண்டுகொண்டிருந்த செய்தியைத் தினமும் படித்தோம். ஆனாலும் எங்கள் இரண்டு போர்வெல்லிலும் தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் யாரும் எதுவும் செய்யவில்லை. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு போர் நின்றது. அடுத்ததில் மோட்டார் போட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீர், அப்புறம் வெறும் காற்று.

மே முதல் தேதி காலையில் லிஃப்ட் பக்கத்து போர்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். அதை அப்படியே தருகிறேன்: "போர் வற்றிவிட்டதால் லாரித் தண்ணீர் வாங்கப்படுகிறது. செலவு எல்லா வீடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படும். தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்." மூன்று வரி. எழுதும்போது இதில் ஒரு குறையும் தெரியவில்லை. அடுத்த இரண்டு மாதம் நான் பட்ட பாடு முழுவதும் இந்த மூன்று வரியில் சொல்லாமல் விட்டவற்றால் வந்ததுதான். யார் லாரி சொல்வது, எப்போது சொல்வது, வந்த தண்ணீரை யார் பார்த்து வாங்குவது, பணம் முன்னால் தருவதா பின்னால் தருவதா, காலி வீட்டுக்கு என்ன கணக்கு, வாடகைக்கு இருப்பவர் தருவதா வீட்டுக்காரர் தருவதா, இப்படி எதற்கும் அதில் பதில் இல்லை.

முதல் அடி நான்காவது நாளே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் குழாய்கள் நின்றன. தரைக்கடித் தொட்டியான சம்பின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் சேறு தெரிகிறது. லாரிக்காரருக்குப் போன் செய்தேன். "மேடம், இப்ப சொன்னா நாளைக்கு ராத்திரிதான். நிரப்புற இடத்துலயே பதினைஞ்சு வண்டி நிக்குது" என்றார். அதுவரை எனக்கு இருந்த எண்ணம், தண்ணீர் தீர்ந்தால் போன், போன் செய்தால் லாரி என்பதுதான். பூட்டிக் கிடந்த மூன்று வீடுகள் போக இருபத்தொரு வீடுகளில் 68 பேர், சின்னக் குழந்தைகள், படுக்கையில் ஒரு பெரியவர். அன்று முழுக்க வாசலில் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். மூன்றாம் மாடி மாமி திட்டவெல்லாம் இல்லை. "ஏம்மா, நேத்தே சொல்லியிருந்தா ரெண்டு பக்கெட் பிடிச்சு வெச்சிருப்பேனே" என்று மட்டும் சொன்னார். அதுதான் அதிகமாக வலித்தது.

அந்தப் பயத்தில் அடுத்த முறை நேர் எதிர்த் தவறைச் செய்தேன். ஒரே லாரிக்காரரை நம்பக் கூடாதென்று இரண்டு பேரிடம் சொல்லி வைத்தேன். இருவரும் ஒரே இரவில் வந்தார்கள். முதல் லாரி பத்தரை மணிக்கு இறக்கிவிட்டுப் போனது. இரண்டாவது நள்ளிரவு தாண்டி ஒன்றே முக்காலுக்கு வந்தது. இறக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் சம்ப் வாய்வரை வந்துவிட்டது. டிரைவர் மீதியோடு திரும்பிப் போக முடியாது என்றார், அவருக்கு அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டது. வால்வை மூடித் திறந்து, மூடித் திறந்து, மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டுப் பார்த்தும் கடைசி ஆயிரம், ஆயிரத்தைந்நூறு லிட்டர் வழிந்து தெருவில் ஓடியது. எதிர் வரிசையில் ஒரு பெண் சத்தம் கேட்டு எழுந்து, பச்சை பிளாஸ்டிக் குடத்தை எடுத்துவந்து எங்கள் கேட்டுக்குக் கீழே ஓடுகிற தண்ணீரில் சாய்த்து வைத்தார். குடம் பாதிகூட நிறையவில்லை, தண்ணீர் மண்ணோடு கலந்துவிட்டது. ஹோஸின் நுனியைத் திருப்பி அவர் குடத்தில் பிடிக்கச் சொன்னேன். காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் என்ற நினைப்பைவிட அந்தக் குடம் என்னை அன்று தூங்கவிடவில்லை.

லாரி எப்போது சொல்வது என்பதற்கு மனக்கணக்கு போதாது, சம்பில் ஒரு அடையாளம் வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் புரிந்தது. எங்கள் சம்ப் உள்ளளவில் 12 அடி நீளம், 9 அடி அகலம், 6 அடி ஆழம். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். அதாவது மொத்தம் சுமார் 18,300 லிட்டர், உயரத்தில் ஒரு அங்குலத்துக்கு 255 லிட்டர். இந்த 255 என்ற எண் எங்களுக்கு அந்தக் கோடை முழுக்கச் சோறு போட்டது. உங்கள் சம்புக்கு நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி, 28.3-ஆல் பெருக்கி, 12-ஆல் வகுத்தால் உங்கள் எண் கிடைக்கும். 12,000 லிட்டர் லாரி ஒன்று இறங்க எங்களுக்கு 47 அங்குல இடம் வேண்டும். அப்படியானால் லாரி வாசலுக்கு வரும்போது சம்பில் 25 அங்குலத்துக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாது. இன்னொரு பக்கம், சொன்ன பிறகு லாரி வர ஒன்றரை நாள் ஆகிறது. எங்கள் ஒரு நாள் செலவு ஏறக்குறைய 7,000 லிட்டர், ஒன்றரை நாளுக்குப் பத்தரை ஆயிரம். மாடித் தொட்டிகள் இரண்டிலும் சேர்த்துப் பத்தாயிரம் பிடிக்கும். அவை நிரம்பியிருக்க, சம்பில் பாதி, அதாவது 36 அங்குலம் இருக்கும்போது சொல்லிவிட்டால், லாரி வருகிற நேரத்துக்கு சம்பில் இடமும் இருக்கும், மாடியில் தண்ணீரும் இருக்கும். ஒரு நேரான அலுமினியக் குழாயில் அங்குலக் கோடுகள் போட்டு, 36-இல் மஞ்சள் பெயின்ட், 25-இல் சிவப்பு பெயின்ட் அடித்து சம்ப் மூடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம். வாட்ச்மேன் அண்ணன் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் அதை இறக்கிப் பார்ப்பார். மஞ்சளைத் தொட்டால் அவரே எனக்கு மிஸ்டு கால் கொடுப்பார். அதற்கப்புறம் ஒரு நாள்கூடக் குழாய் வறண்டதில்லை, ஒரு சொட்டு வழிந்ததும் இல்லை.

மே மாத நடுவில் வந்த ஒரு லோடு இன்னொரு பாடம். இரவு வேலை முடித்துக் களைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டேன். காலையில் சோப்பு நுரைக்கவில்லை என்று முதல் போன். அடுத்த போன், வாயில் ஊற்றிக் கொப்பளித்தால் உப்புக் கரிக்கிறது என்று. ஒரு வீட்டில், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தது. வைத்துப் பார்த்தால் 2,700-க்கு மேல் காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. குடிக்க நாங்கள் கேன் தண்ணீர்தான் வாங்கினோம் என்றாலும், குளிக்கவும் துவைக்கவுமே அந்தத் தண்ணீர் ஆகவில்லை. லாரிக்காரரைக் கூப்பிட்டால், "மேடம், வாங்கும்போது நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்கிறார். சம்பில் ஏற்கெனவே இருந்த தண்ணீரோடு கலந்துவிட்ட பிறகு இது உங்கள் தண்ணீர்தான் என்று எப்படி நிரூபிப்பது? பாதியை இறைத்துக் கழுவிவிட்டு இன்னொரு லோடு வாங்கினோம். சில நூறு ரூபாய் மீட்டர் இல்லாததால் அன்றைக்கு 2,500 ரூபாய் போனது.

அதிலிருந்து ஒரே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். ஹோஸை சம்புக்குள் விடுவதற்கு முன்னால், லாரியின் பின்பக்க வால்விலிருந்து ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடிக்க வேண்டும். பக்கெட் வெள்ளையாக இருப்பது முக்கியம், கலங்கலும் மஞ்சளும் அதில்தான் தெரியும். முதலில் வருகிற ஒரு பக்கெட்டைக் கொட்டிவிட்டு இரண்டாவதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குழாயில் தங்கிய துரு முதலில் வரும். நிறம், மணம், பிறகு மீட்டர். எங்கள் வரம்பை 1,200 என்று வைத்துக்கொண்டோம், அதற்கு மேலே போனால் வண்டியைத் திருப்பி அனுப்பலாம் என்று லாரிக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிட்டோம். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: இந்த மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்புகளைத்தான் காட்டும். கிருமி இருக்கிறதா, சாக்கடை கலந்திருக்கிறதா என்று அது சொல்லாது. 400 காட்டுகிற தண்ணீர் குடிக்க நல்லது என்று அர்த்தமில்லை. அதனால் லாரித் தண்ணீரை யாரும் காய்ச்சாமல் வாயில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது கீழ்வீட்டு சார் ஒரு நாள் கேட்டார். பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். "மேடம், 12,000 லிட்டருக்குப் பணம் குடுக்கறோம். எத்தனை இறங்குதுன்னு அளந்தீங்களா?" அளக்கவில்லை. லாரியின் பக்கவாட்டில் 12,000 என்று பெயின்டில் எழுதியிருந்தது, அதை நம்பினேன். அன்று இரவு வந்த லாரிக்கு முன்னும் பின்னும் குழாயை இறக்கிப் பார்த்தோம். ஏறியது 38 அங்குலம். 255-ஆல் பெருக்கினால் 9,690 லிட்டர். இரண்டாயிரத்து முந்நூறு லிட்டர் குறைவு. அடுத்த மூன்று லோடுகளும் 37, 39, 38. அந்த மாதம் வாங்கிய 16 லோடுகளிலும் இதே அளவு குறைந்திருந்தால் மூன்று லாரித் தண்ணீர் எங்களிடம் வராமலே அதற்குப் பணம் போயிருக்கிறது. மே மாத விலையில் கிட்டத்தட்ட ஏழாயிரம் ரூபாய்.

உடனே ஏமாற்று என்று கத்த வேண்டாம், நான் அப்படிக் கத்திப் பிறகு மன்னிப்புக் கேட்டவள். ஒரு இரவு 31 அங்குலம்தான் ஏறியது. டிரைவரிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். அவர், "அக்கா, நான் நிரப்பித்தான் கொண்டாந்தேன், உங்க மோட்டார் ஓடுது பாருங்க" என்றார். உண்மைதான். மாடித் தொட்டி குறைந்ததும் தானாக ஓடும் ஆட்டோ ஸ்விட்ச் எங்களுடையது. லாரி இறங்க இறங்க அது மேலே ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அளக்கிற நேரம் முழுவதும் மோட்டாரை நிறுத்தி வைக்க வேண்டும், போரும் ஓடக் கூடாது. தண்ணீர் விழுந்த பிறகு ஐந்து நிமிடம் அலை அடங்க விட்டுத்தான் குழாயை இறக்க வேண்டும். ஒரே மூலையில், ஒரே இடத்தில் இறக்க வேண்டும், சம்பின் அடித்தளம் ஒரு பக்கம் சரிவாக இருக்கும்.

குறைவதற்கு இரண்டு காரணங்களைக் கண்ணால் பார்த்தோம். ஒன்று, நிரப்புகிற இடத்திலேயே முழுதாக நிரப்புவதில்லை, அவசரம். வாட்ச்மேன் அண்ணன் ஏணி வழியே ஏறி மேல் மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் மூடியின் கழுத்தைத் தொட வேண்டிய இடத்தில் ஒரு முழத்துக்குக் கீழே இருந்தது. இரண்டாவது, எங்கள் தெரு கேட் பக்கம் மேடு. லாரி பின்னால் வந்து நின்றால் பின்பக்கம் மேட்டில் இருக்கும், வால்வும் பின்னால்தான். முன்பக்கம் தேங்கிய தண்ணீர் வெளியே வராமல் அப்படியே திரும்பிப் போகும். லாரியைத் திருப்பி, பின்சக்கரம் பள்ளத்தில் இருக்கிற மாதிரி நிறுத்தச் சொன்னதும் மூன்று அங்குலம் கூடியது. அதற்கு ஹோஸ் 60 அடி தேவைப்பட்டது. லாரிக்காரரிடம் 40 அடிதான் இருந்தது, மீதியை நாங்களே வாங்கி வைத்தோம். அந்த இடத்தில் கார் நிறுத்தக் கூடாதென்று சுவரில் எழுதிவிட்டோம்.

இனி பணத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்கு மிகவும் மனக்கஷ்டம் கொடுத்த பகுதி. மே மாதம் முதல் 7 லோடு தலா 1,800 ரூபாய், விலை ஏறிய பிறகு 9 லோடு தலா 2,500 ரூபாய். மொத்தம் 35,100. லாரிக்காரருக்கு இறக்கியவுடன் பணம் வேண்டும். அசோசியேஷன் கணக்கில் லிஃப்ட் ரிப்பேருக்குப் பிறகு ஒன்றும் மிச்சமில்லை. அதனால் முழுவதையும் என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன், மாதக் கடைசியில் வசூலித்துக்கொள்ளலாம் என்று. 24-ஆல் வகுத்து வீட்டுக்கு 1,465 ரூபாய் என்று எழுதி ஒட்டினேன். பதினைந்து வீடுகள் கொடுத்தன. மீதி ஒன்பது வீடுகளிலும் ஒவ்வொரு நியாயம், யாரும் வம்புக்காகச் சொல்லவில்லை. தனியாக இருக்கும் ஒரு பெண், "அக்கா, நான் காலைல ஏழு மணிக்குப் போனா ராத்திரி வர்றேன். ஏழு பேர் இருக்கற வீட்டுக்கும் எனக்கும் ஒரே காசா?" என்று கேட்டார். வாடகைக்கு இருப்பவர்கள், மெயின்டனன்ஸ் வீட்டுக்காரர் தருவதாகத்தான் ஒப்பந்தம் என்றார்கள். வீட்டுக்காரர்களோ, தண்ணீர் பயன்படுத்துகிறவர்தானே தர வேண்டும் என்றார்கள். பூட்டிக் கிடக்கிற மூன்று வீடுகளின் சொந்தக்காரர்கள் வெளியூரில் இருந்தார்கள். அதில் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: "சமமாகப் பிரிப்பதென்று எந்தக் கூட்டத்தில் முடிவு செய்தீர்கள்?" எந்தக் கூட்டத்திலும் இல்லை. நான் ஒருத்தி எழுதி ஒட்டியது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த வாரத்தில் பொறுப்பை விட்டுவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். ஆபீஸில் ஆறு நாள் விடுப்பு போயிருந்தது, ராத்திரித் தூக்கம் போயிருந்தது, பதின்மூன்றாயிரம் ரூபாய் வெளியே நின்றது. லிஃப்டில் ஏறினால் பேச்சு நிற்கிறது. வீட்டில், "நமக்கெதுக்கு இது?" என்று கேட்டார்கள். கீழ்வீட்டு சார்தான், "விடறதுன்னா விடுங்க, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கூட்டம் போட்டுட்டு விடுங்க" என்றார். ஜூன் முதல் ஞாயிறு மாலை மொட்டை மாடியில் பதினாறு வீடுகள் கூடின. வெளியூர்க்காரர்கள் இருவர் போனில் பேசினார்கள். இரண்டு மணி நேரம் வாதம். சொன்ன நியாயங்களில் எதுவும் பொய்யில்லை என்பதால், எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிற கணக்கு ஒன்றைத்தான் தேடினோம்.

கடைசியில் நின்றது இதுதான். மொத்தச் செலவில் 30 சதவீதம் வீட்டுக்கு வீடு சமம், 24 வீட்டுக்கும், காலி வீடு உட்பட. படிக்கட்டு கழுவுவதும் வாட்ச்மேன் அறையும் சம்பும் எல்லாருக்கும் பொது. கட்டடம் வாழத்தக்கதாக இருந்தால்தான் பூட்டிய வீட்டுக்கும் மதிப்பு. இந்தப் பங்கை வீட்டின் உரிமையாளர் தருவார். மீதி 70 சதவீதம் தலைக்கணக்கு, குடியிருப்பவர் தருவார். ஜூனில் எங்களுக்கு 17 லோடு, தலா 3,200 ரூபாய், மொத்தம் 54,400. அதில் 30 சதவீதமான 16,320-ஐ 24-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 680. 70 சதவீதமான 38,080-ஐ 68 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 560. ஆக, பூட்டிய வீட்டுக்கு 680. தனியாக இருப்பவருக்கு 1,240. நான்கு பேர் வீட்டுக்கு 2,920. ஏழு பேர் வீட்டுக்கு 4,600. சமமாகப் பிரித்திருந்தால் எல்லாருக்கும் 2,267 வந்திருக்கும். ஏழு பேர் வீட்டுக்காரர் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. அவர் வீட்டில் இரண்டு பெரியவர்கள், மூன்று பிள்ளைகள். அவருக்கு மட்டும் இரண்டு தவணை கொடுத்தோம். அவரே எழுந்து, "கணக்கு சரிதான், நான் கட்டறேன்" என்று சொன்னதை என்னால் மறக்க முடியாது.

தலைக்கணக்கில் குறை இல்லாமல் இல்லை. ஒரே ஆள் அரை மணி நேரம் ஷவரில் நிற்கலாம், நான்கு பேர் வீடு சிக்கனமாக இருக்கலாம். வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பதுதான் முறையான வழி. ஆனால் எங்களைப் போன்ற பழைய கட்டடத்தில் ஒரு வீட்டுக்குள் தண்ணீர் ஒரே குழாயில் வருவதில்லை. சமையலறைக்கு ஒன்று, இரண்டு குளியலறைக்கும் தனித்தனி, பின் பால்கனிக்கு ஒன்று என்று நான்கு இடத்தில் இறங்குகிறது. வீட்டுக்கு நான்கு மீட்டர் என்றால் கோடை நடுவில் ஆகிற காரியமில்லை. ஆள் எண்ணிக்கையை நாங்கள் போய் எண்ணவில்லை. ஒவ்வொரு வீடும் தானே எழுதிக் கொடுத்தது, அதை அப்படியே போர்டில் ஒட்டினோம். ஒரு வீட்டில் ஆறு பேர் இருக்க, நான்கு என்று எழுதியிருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை அந்த நான்கை அவர்களே அடித்து ஆறு என்று திருத்தியிருந்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் தங்கும் விருந்தாளியும் கணக்கில் உண்டு. கைக்குழந்தைக்கு அரைக் கணக்கு என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். குழந்தைத் துணி துவைக்கிற அம்மாக்களே சிரித்து வேண்டாமென்றார்கள்.

பணம் முன்னால் வாங்குவதென்றும் முடிவானது. குடியிருக்கும் 21 வீடும் முன்பணம் 1,500. அது 31,500, கிட்டத்தட்டப் பத்து லோடுக்கு வரும். கையில் பணம் இருந்ததால் லாரிக்காரரிடம் பேசவும் முடிந்தது. இறக்கிய நிமிடத்தில் பணம், மாதம் முழுக்க உங்களிடம் மட்டும்தான், ஆனால் விலை மாதக் கடைசிவரை 3,200, மூடி திறந்து பார்ப்போம், 44 அங்குலத்துக்குக் குறைந்தால் குறைந்த அளவுக்குப் பணம் கழிப்போம் என்றோம். தட்டுப்பாட்டு நாளில் இவ்வளவு நிபந்தனையா என்று முதலில் மறுத்தார். கடன் சொல்லி இழுத்தடிக்கிற வாடிக்கையாளர்கள் அவருக்கும் நிறைய இருந்திருக்க வேண்டும், மறுநாள் அவரே கூப்பிட்டு ஒத்துக்கொண்டார். ஜூனில் ஒரே ஒரு லோடுக்குத்தான் கழிக்க வேண்டி வந்தது. அதற்கும் அடுத்த நடையில் நிறைத்துக் கொண்டுவந்து சரிசெய்துவிட்டார், பணம் பிடிக்கவில்லை. குடிநீர் வாரிய லாரிக்கும் அசோசியேஷன் பெயரில் பதிவு செய்தோம், தனியார் விலையைவிட அது எவ்வளவோ குறைவு. நான் மே கடைசியில்தான் செய்தேன். ஏப்ரலிலேயே செய்திருக்க வேண்டும்.

கூட்டத்தின் முடிவை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, வந்தவர்கள் கையெழுத்து வாங்கி, வராதவர்களுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த நாள் இரண்டாவது நோட்டீஸை ஒட்டினேன். அதுவும் இங்கே இருக்கட்டும், யாருக்காவது பார்த்து எழுத உதவும்:

"கூட்டத் தீர்மானப்படி, லாரித் தண்ணீர் பற்றி. சம்பில் தண்ணீர் 36 அங்குலத்துக்கு இறங்கியதும் லாரி சொல்லப்படும். சொல்பவர் பொருளாளர், அவர் ஊரில் இல்லாதபோது தரைத்தளம் 2-ஆம் வீடு. வேறு யாரும் தனியாகச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு லோடும் வாட்ச்மேனும், அன்றைய முறைக்குரிய வீட்டில் ஒருவரும் சேர்ந்து அளந்து வாங்குவார்கள். முறைப் பட்டியல் கீழே. லாரி எண், நேரம், முன் அளவு, பின் அளவு, டிடிஎஸ், தொகை ஆகியவை பதிவேட்டில் எழுதப்பட்டு, அந்தப் பக்கத்தின் படம் அன்றே குழுவில் போடப்படும். குழாயில் தண்ணீர் காலை 6 முதல் 8 வரை, மாலை 6 முதல் 7.30 வரை. செலவில் 30 சதவீதம் 24 வீட்டு உரிமையாளர்களுக்கும் சமம். 70 சதவீதம் குடியிருப்போர் தலைக்கணக்கு. முன்பணம் 1,500 ரூபாய் 5-ஆம் தேதிக்குள், மீதி மாதம் முடிந்த மூன்று நாளில். எழுதிக் கொடுத்த ஆள் எண்ணிக்கை பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ளது, மாறினால் திருத்தவும். கார், பைக் கழுவுவது மழை வரும்வரை நிறுத்தம். இந்த ஏற்பாடு ஜூன் 30 வரை. ஜூலைக்கு மீண்டும் கூடிப் பேசுவோம்."

முடிவுத் தேதி போட்டது கீழ்வீட்டு சாரின் யோசனை. இது நிரந்தரமில்லை என்று தெரிந்தால்தான் பிடிக்காதவர்களும் ஒத்துக்கொள்வார்கள் என்றார். முறைப் பட்டியல் எனக்காக நான் வற்புறுத்திச் சேர்த்தது. இரவு இரண்டு மணிக்கு டார்ச்சோடு நின்று ஒரு தடவை அளந்தவர்கள் அதற்குப் பிறகு தண்ணீரைப் பற்றிப் பேசுகிற விதமே மாறிவிட்டது. நான்காம் மாடியில் ஒரு பையன், பிளஸ் டூ படிப்பவன், அப்பாவுக்குப் பதிலாக அவன்தான் வருவான். அவன்தான் பதிவேட்டில் அங்குலத்துக்குப் பக்கத்திலேயே லிட்டரையும் பெருக்கி எழுத ஆரம்பித்தான்.

ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. நாங்கள் அப்போதும் லாரிதான் வாங்கிக்கொண்டிருந்தோம், அதே நோட்டீஸில் மாதத்தையும் லோடு எண்ணிக்கையையும் மட்டும் மாற்றி. ஜூன் கணக்கு மூன்றாம் தேதிக்குள் முழுதும் வசூலானது, பூட்டிய வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் 680 ரூபாயை அனுப்பியிருந்தார்கள். மே பாக்கியில் ஆறு வீடுகள் மெல்ல மெல்லக் கொடுத்து முடித்தன. மூன்று காலி வீட்டுப் பங்கு 4,395 ரூபாய் மட்டும் எனக்கு வரவில்லை. தீர்மானம் இல்லாமல் செலவு செய்ததால் கேட்கவும் எனக்கு உரிமையில்லை, அதனால் கேட்பதை விட்டுவிட்டேன். அலுமினியக் குழாய் இன்னும் சம்ப் மூடிக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. சிவப்புக் கோடு வெளுத்துவிட்டது, மஞ்சள் நன்றாகத் தெரிகிறது. ஒவ்வொரு மார்ச் மாதமும் வாட்ச்மேன் அண்ணன் யாரும் சொல்லாமலே அதை எடுத்துத் துடைத்து வைப்பார்.